வளைவுப் பசுமைக்குடிலுக்கு எவ்வளவு பாலித்தீன் ஷீட் வாங்க வேண்டும்?

4 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். வளைத்த பைப்புகளை வரிசையாக நட்டு, மேலே பாலித்தீன் ஷீட் போர்த்தி, உள்ளே ஆள் நடமாடும் அளவுக்கு ஒரு சுரங்க வடிவக் குடில். முதல்முறை போடுபவர்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் தொடங்குவார்கள். தரைப்பரப்பு 60 சதுர மீட்டர். மேலே வளைந்து போகிறதே என்று கொஞ்சம் கூட்டி, 80 அல்லது 90 சதுர மீட்டர் போதும் என்று மனக்கணக்குப் போடுவார்கள். உண்மையில் இந்தக் குடிலுக்கு வாங்க வேண்டியது 147 சதுர மீட்டர். அதையும் சரியான அகலத்தில் வாங்க வேண்டும். 147 சதுர மீட்டர் ஷீட்டை 4 மீட்டர் அகல ரோலில் வாங்கி வந்தால் அது வளைவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எட்டவே எட்டாது.

அதனால் சதுர மீட்டரை முதலில் மறந்துவிடுங்கள். நமக்குத் தேவை இரண்டு தனித்தனி எண்கள். ஒன்று, வளைவின் மேலாக இந்தப் பக்கத் தரையிலிருந்து அந்தப் பக்கத் தரை வரை ஷீட் எவ்வளவு அகலம் வேண்டும் என்பது. இன்னொன்று, குடிலின் நீளவாக்கில் ரோலிலிருந்து எத்தனை மீட்டர் வெட்ட வேண்டும் என்பது. முதல் எண் ரோலின் அகலத்தைத் தீர்மானிக்கும். இரண்டாவது, ரோலின் நீளத்தை. பரப்பளவும் எடையும் கடைசியில் தானாக வரும்.

வளைவின் நீளம்

வளைவு சரியான அரைவட்டமாக இருந்தால் கணக்கு ஒரே வரிதான். முழு வட்டத்தின் சுற்றளவு, விட்டத்தைப் போல 3.1416 மடங்கு. அதில் பாதி 1.571 மடங்கு. குடிலின் அகலம்தான் இங்கே விட்டம். ஆக, 4 மீட்டர் அகலமுள்ள குடிலில் வளைவின் நீளம் 4 × 1.571, அதாவது 6.28 மீட்டர்.

அரைவட்டமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடு உயரத்தை அளந்து பாருங்கள். அகலத்தில் சரிபாதியாக, அதாவது 2 மீட்டராக இருக்க வேண்டும். கூடவே, வளைவின் கால்கள் தரையைத் தொடும் இடத்தில் செங்குத்தாக நிற்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மேலே உள்ள கணக்கை நம்பலாம்.

நடைமுறையில் பாதிக் குடில்கள் அப்படி இருப்பதில்லை. பிவிசி பைப்பைக் கையால் வளைத்து இரண்டு முனைகளையும் தரையில் சொருகினால், அது வட்டமாக வளையாது. தன் போக்கில் வளையும். உயரமும் பெரும்பாலும் அகலத்தின் பாதியாக அமையாது. இரும்பு பைப்பை மெஷினில் வளைத்துக் கொடுப்பவர்களும் பைப் மிச்சமாகும் என்று கொஞ்சம் தாழ்வான வளைவாகவே வளைத்துத் தருவது உண்டு. அப்போது 1.571 என்ற பெருக்கல் எண் பொருந்தாது. உயரத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். அது 0.45 என்றால் அகலத்தை 1.47 ஆல் பெருக்க வேண்டும். 0.4 என்றால் 1.38 ஆல். 0.35 என்றால் 1.30 ஆல். 0.3 என்றால் 1.22 ஆல். வளைவு வட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது என்ற அடிப்படையில் வரும் எண்கள் இவை.

வித்தியாசம் சின்னது என்று நினைக்க வேண்டாம். அதே 4 மீட்டர் அகலக் குடில் 1.6 மீட்டர் உயரம்தான் என்றால் வளைவின் நீளம் 5.53 மீட்டர். அரைவட்டம் என்று கணக்குப் போட்டவர் 75 சென்டிமீட்டர் அகலத்தை, குடில் நீளம் முழுக்க, சும்மா வாங்கியிருப்பார்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். குடில் அரைவட்டத்தைவிட உயரமாக இருந்தால், கீழே கொஞ்ச தூரம் பைப் நேராக எழும்பி அதற்குமேல் வளைகிறது என்று அர்த்தம். அப்போது அந்த நேரான பகுதியை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கூட்ட வேண்டும். 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்றால் நேர்க்கால் 40 சென்டிமீட்டர். 6.28 உடன் 0.80 சேர்த்து 7.08 மீட்டர். இதை விட்டுவிட்டால் ஷீட் போர்த்திய பிறகுதான் தெரியும், இரண்டு பக்கமும் தரைக்கு ஒரு முழம் மேலேயே ஷீட் தொங்கிக்கொண்டிருக்கும்.

வளைவுகளை நட்டுவிட்டீர்கள் என்றால் பெருக்கலே வேண்டாம். இழுத்தால் நீளாத ஒரு கயிற்றை எடுத்து, ஒரு பக்கத் தரையிலிருந்து பைப்பின் வெளிப்புறமாகவே மேலே ஏற்றி மறுபக்கத் தரை வரை கொண்டுபோய், அந்த நீளத்தை டேப்பால் அளந்துவிடலாம். எந்த வடிவ வளைவாக இருந்தாலும் இந்த அளவு பொய் சொல்லாது. முதல் வளைவு, நடு வளைவு, கடைசி வளைவு என மூன்று இடத்தில் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். தரை மேடுபள்ளமாக இருக்கும் இடத்தில் இந்த மூன்றும் ஒன்றுபோல இருப்பது அபூர்வம். காற்றில் கயிறு தொய்ந்து, பைப்பை விட்டு விலகி நின்றால் அளவு மாறிவிடும் என்பதால் ஒருவர் பிடிக்க, ஒருவர் அளப்பது நல்லது.

பைப்பின் வெளிப்புறம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அகலத்தைப் பெரும்பாலானோர் உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை, பாத்தி போடும் இடமாகவே அளப்பார்கள். ஷீட் கிடப்பதோ வெளிப்பக்கத்தில். 42 மில்லிமீட்டர் தடிமனுள்ள பைப்பாக இருந்தால், உள்ளளவில் போட்ட கணக்கு வெளியளவைவிட 13 சென்டிமீட்டர் குறைவாக வரும். ஷீட்டின் விளிம்பைக் கவ்வ வைக்கும் இடத்தில் 13 சென்டிமீட்டர் பெரிய விஷயம். இந்தக் கட்டுரையில் அகலம் என்று சொல்வதெல்லாம் வெளிப்புற அளவுதான்.

விளிம்பை எதில் கட்டப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஷீட்டின் அகலத்தை முடிவு செய்ய முடியாது. கடைக்குப் போன பிறகு யோசிக்கலாம் என்று பலரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான்.

செலவு குறைந்த வழி, மண்ணில் புதைப்பது. குடிலின் இரண்டு நீளப் பக்கத்திலும் ஒரு அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, ஷீட்டின் விளிம்பை அதற்குள் இறக்கி, அடியில் மடக்கிப் படுக்கவைத்து, மேலே மண்ணைத் தள்ளி மிதித்துவிடுவது. இதற்கு ஒரு பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் வேண்டும். 30 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்குகிறது, 30 சென்டிமீட்டர் அடியில் கிடக்கிறது. அந்த அடியில் கிடக்கும் பகுதிதான் மண்ணின் எடையைத் தாங்கி ஷீட்டைப் பிடித்துவைக்கும். அகலம் பத்தவில்லை என்று நேராக இறக்கி மட்டும் மண் போட்டால், முதல் பெருங்காற்றில் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு மேலே வந்துவிடும்.

இன்னொரு வழி, சேனல். குடிலின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, நீளவாக்கில் ஒரு பைப்பைக் கட்டி, அதன்மேல் அலுமினிய சேனலை ஸ்குரூ போட்டுப் பொருத்தி, ஷீட்டை அதில் வைத்து ஜிக்ஜாக் ஸ்பிரிங்கால் அழுத்திவிடுவது. இதற்கு ஒரு பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் போதும். சேனலுக்குள் போவது சில சென்டிமீட்டர்தான். மிச்சம், கையால் பிடித்து இழுப்பதற்கும், கீழே தரையில் படிந்து காற்று புகாமல் மூடுவதற்கும். ஷீட்டை இறுக்கமாக இழுக்கப் பிடி வேண்டும் என்பதை மறந்து, 10 சென்டிமீட்டர் விட்டு வாங்குபவர்கள் விரல் நுனியால் இழுத்துத் திண்டாடுவார்கள். தொய்வாக நின்ற ஷீட் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், பைப் உரசும் இடத்தில்தான் முதலில் கிழியும்.

இப்போது நம் குடிலுக்கு வருவோம். வளைவு 6.28 மீட்டர். மண்ணில் புதைத்தால் 6.28 + 1.20, அதாவது 7.48 மீட்டர் அகலம். சேனலில் போட்டால் 6.28 + 0.60, அதாவது 6.88 மீட்டர்.

ரோலின் அகலம் நாம் கேட்கும் எண்ணில் கிடைக்காது. தயாரிப்பாளர் வைத்திருக்கும் சில குறிப்பிட்ட அகலங்களில்தான் கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்கும் ரோல்கள் 7 மீட்டர், 9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மண்ணில் புதைப்பவர் 9 மீட்டர் ரோலுக்குப் போகவேண்டும், ஒன்றரை மீட்டர் அகலம் மிஞ்சும். சேனல் போடுபவருக்கு 7 மீட்டர் ரோலே போதும், பக்கத்துக்கு 36 சென்டிமீட்டர் வரும். சேனல் விலை என்று பார்த்துப் பின்வாங்குபவர்கள், 9 மீட்டர் ரோலுக்கும் 7 மீட்டர் ரோலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். ஷீட் சில வருடங்களில் மாற்ற வேண்டிய பொருள். சேனல் அடுத்த ஷீட்டுக்கும் இருக்கும். என்னைக் கேட்டால், இந்த அளவுக் குடிலுக்கு சேனல்தான் சரி.

இதில் மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. குடில் இன்னும் கட்டவில்லை என்றால், ரோலின் அகலத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, குடிலின் அகலத்தையே முடிவு செய்யலாம். 7 மீட்டர் ரோல், மண்ணில் புதைக்கப் போகிறோம் என்றால் வளைவுக்கு மிஞ்சுவது 5.80 மீட்டர். அதை 1.571 ஆல் வகுத்தால் 3.69. ஆக 3.7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் குடிலை அமைத்தால் ஒரு சாண் ஷீட்கூட வீணாகாது. 30 சென்டிமீட்டர் அகலத்தை விட்டுக்கொடுத்தால் பரவாயில்லை என்பவர்களுக்கு இதுதான் சிக்கனமான வழி.

7 மீட்டருக்கு 3.5 மீட்டர் ரோல் இரண்டை வாங்கி நடுவில் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். நீளவாக்கில், அதுவும் உச்சியில் வரும் ஒட்டு நிற்காது. மழைநீர் அங்கேதான் தேங்கிப் புகும், இழுவிசையும் அதன்மேல்தான் விழும். வேறு வழியே இல்லாமல் குறுகிய ரோலைப் பயன்படுத்துவதானால் ஷீட்டைக் குறுக்காக, வளைவுக்கு வளைவு போர்த்தி, ஒவ்வொரு இணைப்பும் ஒரு பைப்பின்மேல் உட்காரும்படி 30 சென்டிமீட்டர் மேலேற்றிப் போடவேண்டும். அதற்கு ஆகும் ஷீட்டும் உழைப்பும் அதிகம்.

நீளம்

நீளம் எளிது என்று தோன்றும். ஆனால் இங்கேயும் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. வளைவுகளை எண்ணி இடைவெளியால் பெருக்கிவிடுவார்கள். 1.5 மீட்டருக்கு ஒன்று என்று 10 வளைவு நட்டிருந்தால் குடிலின் நீளம் 15 மீட்டர் கிடையாது, 13.5 மீட்டர்தான். 10 வளைவுக்கு நடுவே இருப்பது 9 இடைவெளி. 15 மீட்டர் வேண்டுமென்றால் 11 வளைவு. முதல் வளைவின் வெளிவிளிம்பிலிருந்து கடைசி வளைவின் வெளிவிளிம்பு வரை டேப்பை இழுத்து அளப்பதே நல்லது. தரை சரிவாக இருந்தால் சரிவை ஒட்டியே அளக்க வேண்டும், ஏனென்றால் ஷீட்டும் அந்தச் சரிவிலேயேதான் கிடக்கப்போகிறது.

அப்புறம் இரண்டு முகப்பு. குடிலின் முன்பக்கமும் பின்பக்கமும் எப்படி மூடப்போகின்றன என்பதைப் பொறுத்து நீளம் மாறும்.

முதல் முறையில் மேலே போர்த்தும் ஷீட்டையே நீளமாக விட்டு, முன்னும் பின்னும் கீழே இறக்கி, கொசுவம் வைப்பதுபோல மடித்து மண்ணில் புதைத்துவிடுவார்கள். உச்சியிலிருந்து தரைவரை 2 மீட்டர், பள்ளத்துக்கு 0.6 மீட்டர், ஆக ஒரு முகப்புக்கு 2.6 மீட்டர். இரண்டுக்கும் 5.2. குடில் நீளத்துடன் சேர்த்தால் 20.2 மீட்டர். பிடித்து இழுக்க, மடிப்பைச் சரிசெய்ய என்று முன்னும் பின்னும் 30 சென்டிமீட்டர் விட்டால் 20.8. கடையில் 21 மீட்டர் என்று சொல்லலாம்.

இரண்டாவது முறையில், மேல் ஷீட்டை முதல் வளைவையும் கடைசி வளைவையும் சுற்றிக் கவ்வும் அளவுக்கு, பக்கத்துக்கு அரை மீட்டர் மட்டும் கூடுதலாக விட்டு 16 மீட்டராக வெட்டுவார்கள். முகப்புகளுக்குத் தனித்தனித் துண்டு. ஒரு முகப்பின் அகலம் 4 மீட்டர், பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் விட்டால் 4.6. உயரம் 2 மீட்டர், மேலே 30, கீழே பள்ளத்துக்கு 60 சென்டிமீட்டர் விட்டால் 2.9. அரைவட்டமாக இருந்தாலும் வாங்கும்போது இதைச் செவ்வகமாகத்தான் எண்ண வேண்டும். மூலைகள் கழிவாகப் போகும், தவிர்க்க முடியாது.

இந்தத் துண்டுகளை ரோலில் எப்படி வைத்து வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 7 மீட்டர் அகலத்தில் 2.9 மீட்டர் துண்டு இரண்டை அருகருகே வைத்தால் 5.8 மீட்டர். ஆக ரோலில் 4.6 மீட்டர் நீளம் வெட்டினாலே இரண்டு முகப்பும் வந்துவிடும். இதைக் கவனிக்காமல் ஒவ்வொரு முகப்புக்கும் தனியாக 4.6 என்று சேர்த்தால் 4.6 மீட்டர் நீளம், அதாவது 32 சதுர மீட்டர், வீண்செலவு. இப்போது மொத்தம் 16 + 4.6, அதாவது 20.6 மீட்டர். இதையும் 21 என்று வைத்துக்கொள்ளலாம்.

கவனித்தீர்களா, இரண்டு முறைக்கும் ஒரே 21 மீட்டர்தான். ஷீட் மிச்சமாகும் என்பதற்காகக் கொசுவ மடிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தனி முகப்பில் கதவு வைக்கலாம், ஒரு முகப்பு கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். அந்த 4.6 மீட்டர் நீளத் துண்டில் 5.8 மீட்டர் அகலம் போக 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும். 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரமுள்ள கதவுச் சட்டத்துக்கு எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டர் மடித்து ஒட்ட, 1.2 × 2 மீட்டர் துண்டு வேண்டும். முன்னும் பின்னும் ஆக இரண்டு கதவுக்கும் இந்தப் பட்டையே போதும். முகப்பில் கதவுக்காக வெட்டியெடுக்கும் துண்டையே கதவில் போடலாம் என்று நினைக்காதீர்கள். அது திறப்பின் அளவுக்கே இருக்கும், மடித்து ஒட்ட விளிம்பு இருக்காது.

சூத்திரமாக

இதுவரை சொன்னதை எழுதிவைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு, எல்லா அளவும் மீட்டரில்:

```
S  = 1.571 × W + 2 × p
N1 = L + 2 × (H + 0.6) + 0.6
N2 = L + 1.0 + (W + 0.6)
```

இதில் W குடிலின் வெளிப்புற அகலம், L நீளம், H நடு உயரம். p என்பது நீள விளிம்புக்கு விடும் அளவு, சேனலுக்கு 0.3, பள்ளத்துக்கு 0.6. S கிடைத்ததும் அதற்குச் சமமான அல்லது அதைவிட அகலமான ரோல்களில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். N1 கொசுவ மடிப்புக்கான நீளம், N2 தனி முகப்புக்கான நீளம். N2 செல்லுபடியாக வேண்டுமானால் முகப்பு உயரத்தின் இருமடங்கு, அதாவது 2 × (H + 0.9), ரோலின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் W + 0.6 ஐ இரண்டு முறை கூட்ட வேண்டியதுதான். வளைவு அரைவட்டம் இல்லையென்றால் 1.571 க்குப் பதிலாக மேலே சொன்ன பெருக்கல் எண்ணைப் போடுங்கள், அல்லது கயிற்றில் அளந்த நீளத்தை நேரடியாக எழுதுங்கள்.

பக்கவாட்டில் சுருட்டி ஏற்றும் திரை வைப்பதானால்

வெயில் அதிகமுள்ள இடங்களில் பக்கங்களைத் திறந்து காற்றுவிட வேண்டியிருக்கும். அப்போது மேல் ஷீட் தரைவரை வராது. நம் குடிலில் 1 மீட்டர் உயரம் வரை திறப்பு என்றால், வளைவின் மேலாக அந்த 1 மீட்டர் உயரத்துக்கு ஆகும் நீளம் 1.05 மீட்டர். இரண்டு பக்கமும் கழித்தால் மேல் ஷீட்டுக்கு 4.18 மீட்டர், விளிம்புகளுக்கு 0.6 சேர்த்து 4.78. இதற்கு 5 மீட்டர் ரோல் கிடைத்தால் போதும். திரைக்கு 1.05 உடன், மேலே ஷீட்டின்மேல் ஏறி நிற்க 30, கீழே சுருட்டும் பைப்பில் சுற்ற 30 என்று ஒவ்வொரு பக்கமும் 1.65 மீட்டர் அகலம், 16 மீட்டர் நீளம். முகப்புத் துண்டுகளின் அளவு முன்போலவே, ஆனால் 5 மீட்டர் ரோலில் 2.9 மீட்டர் துண்டு இரண்டும் அருகருகே அடங்காது. எப்படியும் திரை பின்னால் வைப்பேன் என்று நினைப்பவர்கள், இப்போதே இப்படி வாங்கிவிடுங்கள்; முழுசாகப் போர்த்திய ஷீட்டைப் பிறகு வெட்டினால் கவ்வ வைக்க விளிம்பு இருக்காது.

ஏன் 107 இல்லாமல் 147?

குடிலின் மூடப்படும் பரப்பை மட்டும் பார்த்தால் வளைவு 94 சதுர மீட்டர், இரண்டு முகப்பும் சேர்ந்து ஒரு முழு வட்டம், அது 13. மொத்தம் 107. நாம் வாங்குவதோ 7 × 21, அதாவது 147. மீதி 40 எங்கே போனது? நீள விளிம்புகளில் 11 அல்லது 12, முதல் வளைவிலும் கடைசி வளைவிலும் சுற்றியது 6, முகப்புத் துண்டின் மூலைகளும் விளிம்புகளும் கதவுக்கான பட்டையும் சேர்ந்து 20, 20.6 ஐ 21 ஆக்கியதில் 3. ஒவ்வொன்றும் இடத்துக்கு இடம் தேவைப்படுவதுதான். பரப்பளவைக் கணக்கிட்டு அதன்மேல் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொல்லும் பழக்கம் இந்த அளவுக் குடிலில் பலிக்காது. 107 க்குப் பத்து சதவீதம் கூட்டினால் 118 தான் வரும்.

கடையில்

அகலமான ரோல், மடித்துச் சுற்றப்பட்டுத்தான் வரும். 7 மீட்டர் ஷீட் நான்காகவோ அதற்கும் மேலாகவோ மடிக்கப்பட்டு, ரோலாக நிற்கும்போது ஆள் உயரமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். விரித்த அகலம் எவ்வளவு என்று கேளுங்கள். நுனியை மட்டும் பிரித்து டேப் வைத்துப் பாருங்கள். சொன்ன அகலத்தைவிட சில சென்டிமீட்டர் குறைவாக இருப்பதும் உண்டு. பக்கத்துக்கு 36 சென்டிமீட்டர் வரும் நமக்கு அது பொறுக்கும். 30 க்குக் கீழே இறங்கினால் யோசியுங்கள்.

தடிமன் மைக்ரான் கணக்கில் சொல்லப்படும். சிலர் கேஜ் என்று சொல்வார்கள். 800 கேஜ் ஏறக்குறைய 200 மைக்ரான். வெயிலைத் தாங்கும்படி யுவி சேர்த்ததா என்று கேட்க மறக்காதீர்கள், அது இல்லாத சாதா ஷீட் வெயிலில் நொறுங்கிப்போகும்.

எடைக்கு விற்கும் இடத்தில் ஒரு சின்னக் கணக்கு உதவும். பாலித்தீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராம். ஆகவே ஒரு மைக்ரான் தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் 0.92 கிராம் எடை வரும். 200 மைக்ரான் என்றால் சதுர மீட்டருக்கு 184 கிராம். நம் 147 சதுர மீட்டர் ஷீட், ஏறக்குறைய 27 கிலோ. மண்ணில் புதைப்பவர் வாங்கும் 9 மீட்டர் ரோலில் 21 மீட்டர் என்றால் 35 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

இதைத் திருப்பிப் போட்டால் தடிமனைச் சோதிக்கலாம். 200 மைக்ரான் என்று கொடுத்த அதே 147 சதுர மீட்டர், தராசில் 23 கிலோதான் காட்டுகிறது என்றால், 23 ஐ 147 ஆல் வகுத்து, அதை மறுபடி 0.00092 ஆல் வகுங்கள். 170 வருகிறது. அதாவது கையில் இருப்பது 170 மைக்ரான் ஷீட், அல்லது நீளமோ அகலமோ சொன்னதைவிடக் குறைவு. ஒன்றிரண்டு கிலோ வித்தியாசத்துக்குச் சண்டை போட வேண்டாம். ஆனால் 4 கிலோ குறைந்தால் அங்கேயே ரோலைப் பிரித்து அளந்து பாருங்கள்.

வெட்டும் வரிசை

வீட்டுக்கு வந்ததும் முகப்புத் துண்டுகளை முதலில் வெட்ட ஆசை வரும், சின்னது, எளிது என்று. முதலில் 16 மீட்டர் மேல் ஷீட்டை வெட்டிப் போர்த்தி, சேனலில் பொருத்தி முடித்துவிடுங்கள். கொஞ்சம் வெயில் ஏறிய, காற்றில்லாத நேரமாகப் பார்த்துப் போர்த்துவது நல்லது. பாலித்தீன் சூட்டில் நீளும். 25 டிகிரி வித்தியாசத்துக்கு 15 மீட்டர் ஷீட் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளும். சூடாக இருக்கும்போது இறுக்கியது, குளிர்ந்ததும் இன்னும் விறைப்பாக நிற்கும். குளிர்ந்த காலையில் இழுத்துக் கட்டியது மதியம் தொளதொளவென்று ஆகிவிடும். இந்த நீட்சியை நம்பி நீளத்தைக் குறைத்து வாங்கவும் கூடாது.

மேல் ஷீட் நின்றதும் முகப்பின் அளவைக் கயிற்றில் மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்து, அதற்குப் பிறகு மிச்சமுள்ள 5 மீட்டரில் துண்டுகளை வெட்டுங்கள். உள்பக்கம் என்று அச்சிட்டிருந்தால், நீர் சொட்டாமல் இருக்கப் பூசிய பக்கம் அது. முகப்பிலும் அந்தப் பக்கம் குடிலுக்குள் பார்க்கும்படி வைக்க வேண்டும். கடைசியாக மிஞ்சும் சிறு துண்டுகளை நிழலில் சுருட்டி வையுங்கள். கிழிசலுக்கு ஒட்டுப்போட அதே தடிமனில், அதே ஷீட் தேவைப்படும்.